ட்யூட்டி லிஸ்டில் சீனியரும் புதுசும் கலந்து வரணும்: மூன்று சீனியரை வைத்து 21 ஷிஃப்டை எப்படி நிரப்புவது?

வில்லியனூர் சிஸ்டர் | ஜூன் 22, இரவு 11:10

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனை, ஆண்கள் மெடிக்கல் வார்டு, 30 படுக்கை. போன மாதம்தான் என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். அதுவரை ட்யூட்டி லிஸ்ட் ஒட்டியதும் என் பெயரை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுப் போகிற ஆள் நான். இப்போது அதை எழுதுகிறவள் நான்தான்.

என்னை விட்டுவிட்டால் 12 பேர். மூன்று பேர் எட்டு வருஷத்துக்கு மேல் பார்த்த சீனியர்கள். நான்கு பேருக்கு இரண்டு, மூன்று வருஷ அனுபவம். மீதி ஐந்து பேர் இந்த வருஷம்தான் கோர்ஸ் முடித்து வந்த பிள்ளைகள். காலை 7 முதல் 2 வரை 4 பேர், மதியம் 2 முதல் 8 வரை 3 பேர், நைட் 8 முதல் காலை 7 வரை 2 பேர். திங்கள் முதல் சனி வரை காலையில் நானும் இருப்பேன், ஆனால் எண்ணிக்கையில் வரமாட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு நைட். இரண்டு வருஷ அனுபவமுள்ள ஒரு சிஸ்டரும் ஒரு புதுப் பிள்ளையும். 1 மணி வாக்கில் ஒரு நோயாளிக்கு ரத்தம் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பையையும் நோயாளியையும் சரிபார்த்துத்தான் ஆரம்பித்தார்கள், அதில் குறை இல்லை. பத்து நிமிஷத்தில் வேறொரு படுக்கையில் மூச்சுத் திணறல், டாக்டர் ஐசியூவுக்கு மாற்றச் சொல்லிவிட்டார். பெரியவள் கூடப் போனாள். லிஃப்ட், ஐசியூவில் ஹேண்டோவர், திரும்பி வர 25 நிமிஷம். அந்த நேரத்தில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தவருக்குக் குளிர் நடுக்கம் வந்துவிட்டது. இந்தப் பிள்ளை ஓடிப்போய் கம்பளி எடுத்துப் போர்த்தியது, டாக்டருக்குப் போன் போட்டது, லைன் கிடைக்கும்வரை நின்றது. சொட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியவள் வந்துதான் கிளாம்பை மூடினாள்.

நோயாளி நன்றாகி வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் இன்னும் நைட் என்றால் அழுகிறாள். அவளைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? அந்த இரண்டு பேரையும் ஒன்றாகப் போட்டது நான்.

அதனால் இனிமேல் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு சீனியராவது இருக்கணும் என்று லிஸ்டைத் திருப்பி எழுத உட்கார்ந்தேன். ஒரு வாரத்துக்கு 21 ஷிஃப்ட். மூன்று சீனியர், ஆளுக்கு 6 நாள், மொத்தம் 18. எப்படிப் புரட்டினாலும் மூன்று இடம் ஓட்டை. ஓட்டை எப்போதும் ஞாயிறு நைட்டில்தான் வந்து விழுகிறது. அதில் ஒருத்தர் லீவ் கேட்டால் கேட்கவே வேண்டாம். நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பாகூர்க்காரன் | ஜூன் 22, இரவு 11:41

ஞாயிறு நைட்டுக்கு டபுள் சம்பளம் கொடுக்கச் சொல்லுங்க சிஸ்டர், சீனியர் தானா வரிசையில் நிற்பாங்க. எங்க கம்பெனியிலும் இதே கதைதான், பண்டிகை நாளில் பழைய ஆள் எவனும் வரமாட்டான்.

வில்லியனூர் சிஸ்டர் | ஜூன் 22, இரவு 11:48

அண்ணா, அவங்க வரமாட்டேன் என்று சொல்லவே இல்லை. சம்பளம் ஏற்றினாலும் மூன்று பேர் மூன்று பேர்தானே. ஆள் கணக்கு இடிக்கிறது, அதுதான் என் கேள்வி.

கட்டமும் கணக்கும் | ஜூன் 23, காலை 7:15

இது சுலபமான வேலைங்க. ஆளுக்கு மார்க் போடுங்கள். சீனியருக்கு 3, நடுவில் இருப்பவருக்கு 2, புதுசுக்கு 1. ஒவ்வொரு ஷிஃப்டிலும் கூட்டுத்தொகை குறையாமல் பாருங்கள்: நைட்டுக்கு 4, மதியத்துக்கு 5, காலைக்கு 7. நைட்டில் 3+1 போட்டாலும் 4, 2+2 போட்டாலும் 4. சீனியர் இல்லாத இடத்தில் நடுவில் இருப்பவர் இரண்டு பேரைப் போட்டால் முடிந்தது. உங்கள் ஞாயிறு நைட் 2+1, அதாவது 3. கட்டம் அன்றைக்கே சிவப்பாகியிருக்கும். எங்கள் கால் சென்டரில் இரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

ஓய்வுபெற்ற மேட்ரன் | ஜூன் 23, காலை 9:30

தம்பி சொன்னதில் பாதி சரி. மார்க் போட்டால் மோசமான ஷிஃப்ட் கண்ணில் படும், அது நல்லதுதான். ஆனால் கூட்டல் ஏமாற்றும். 2+2 ஆக இரண்டு பேர் நிற்கிறார்கள், இரண்டு பேருக்குமே ரத்தம் ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன செய்வது என்று கைப்பழக்கம் இல்லை என்றால் அந்த 4க்கு என்ன மதிப்பு? தெரியாதவர் இரண்டு பேரைக் கூட்டினால் தெரிந்தவர் ஒருத்தர் ஆகிவிடமாட்டார்கள். கால் சென்டரில் சராசரி போதும், ஒரு போனைத் தவறாகப் பேசினால் அடுத்த போனில் சரிக்கட்டலாம். வார்டில் பார்க்க வேண்டியது கூட்டுத்தொகை இல்லை. ஒவ்வொரு முக்கியமான வேலைக்கும் அதைத் தனியாகச் செய்யத் தெரிந்தவர் ஒருத்தராவது அந்த நேரத்தில் வார்டுக்குள் இருக்கிறாரா என்பதுதான்.

சிஸ்டர், உங்களிடம் ஒரு கேள்வி. திங்கள் காலை 9 மணிக்கு அந்த மூன்று சீனியர்களும் எங்கே இருக்கிறார்கள்?

வில்லியனூர் சிஸ்டர் | ஜூன் 23, மதியம் 2:40

மேடம், லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலான திங்களில் மூன்று பேரும் காலை ட்யூட்டி. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். காலையில் ரவுண்ட்ஸ். பெரிய டாக்டருக்கு அவங்க மூன்று பேரில் ஒருத்தர் பக்கத்தில் இல்லை என்றால் முகம் மாறிவிடும்.

ஓய்வுபெற்ற மேட்ரன் | ஜூன் 23, மாலை 6:05

அங்கேதான் உங்கள் சீனியர் கரைந்துபோகிறார். 21 ஷிஃப்டுக்கும் சீனியர் வேண்டும் என்று நீங்களே கணக்கைப் பெரிதாக்கிக்கொண்டீர்கள். திங்கள் முதல் சனி வரை காலையில் நீங்கள் இருக்கிறீர்கள், ரவுண்ட்ஸ் டாக்டர் இருக்கிறார், ஹவுஸ் சர்ஜன் இருக்கிறார், நான்கு நர்ஸ் இருக்கிறார்கள். அந்த 6 ஷிஃப்டில் சீனியர் இல்லாவிட்டாலும் கேட்டால் சொல்ல ஆள் உண்டு. அந்த 6ஐக் கழியுங்கள். மீதி 15. ஏழு நைட், ஏழு மதியம், ஒரு ஞாயிறு காலை. உங்களிடம் இருப்பது 18.

கணக்கு பொருந்திவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். இப்படியே போட்டால் அந்த மூன்று பேரும் வாரத்துக்கு ஐந்து நாள் மதியமும் நைட்டுமாக அலைவார்கள். வீட்டில் பிள்ளை படிக்கிற வயதில் இருப்பவர்கள். ஆறு மாதத்தில் ஒருத்தர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அப்புறம் இரண்டு பேர், 12 ஷிஃப்ட்.

அதனால் திறவுகோல் சீனியரிடம் இல்லை, அந்த நடு நான்கு பேரிடம் இருக்கிறது. அவர்களில் இரண்டு பேரை ஷிஃப்டைத் தனியாக நடத்தும் அளவுக்குத் தேற்றிவிட்டால் ஐந்து பேர் ஆகிறார்கள். 15ஐ ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு மூன்று. மீதி மூன்று நாள் எல்லோருக்கும் காலை. பெரிய டாக்டருக்கும் தெரிந்த முகம் ஒன்று கிடைக்கும்.

நான் எழுதும்போது இப்படிச் சுற்றிவிடுவேன். முதல் ஆளுக்கு இந்த வாரம் 4 நைட். இரண்டாவது ஆளுக்கு 3 நைட். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு மும்மூன்று மதியம். ஐந்தாவது ஆளுக்கு ஒரு மதியமும் ஞாயிறு காலையும். அடுத்த வாரம் ஒவ்வொருவரும் ஒரு இடம் நகர்வார்கள். ஐந்து வாரத்தில் ஒரு சுற்று. 4 நைட் யாருக்கு எப்போது வரும் என்று ஐந்து வாரத்துக்கு முன்பே தெரியும், வீட்டில் சொல்லி வைக்கலாம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நைட் முடிந்து காலை 7 மணிக்கு இறங்குகிறவரை அன்றைக்கே மதியம் போடாதீர்கள். பேப்பரில் இடம் காலியாகத் தெரியும், கை தானாகப் போகும்.

லிஸ்டை ஞாயிறு நைட்டிலிருந்து எழுத ஆரம்பியுங்கள். எல்லோரும் திங்கள் காலையில் ஆரம்பிக்கிறோம். அங்கே தாராளமாக ஆளைச் செலவழித்துவிட்டுக் கடைசியில் மிச்சம் இருப்பதை ஞாயிறு நைட்டில் தள்ளுகிறோம். உங்கள் ஓட்டை எப்போதும் அங்கே விழுவதற்கு அதுதான் காரணம்.

ஓல்டு டவுன் குமரன் | ஜூன் 23, இரவு 10:20

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் பிளான்டில் ஷிஃப்ட் இன்சார்ஜ். மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எட்டு வருஷம், இரண்டு வருஷம் என்று வருஷத்தை வைத்துப் பிரித்தால் ஒருநாள் மாட்டுவீர்கள்.

எங்களிடம் பாய்லர் ஓடும் நேரம் முழுக்கச் சான்றிதழ் உள்ள பாய்லர் அட்டெண்டன்ட் ஒருத்தர் இருந்தாக வேண்டும், அது சட்டம். ஒரு அண்ணன் 17 வருஷமாக அந்த பாய்லரோடு குடித்தனம் நடத்துகிறார். சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். சான்றிதழ் கிடையாது, பரீட்சை எழுதவே இல்லை. ஒரு தம்பி வந்து இரண்டு வருஷம்தான், சான்றிதழ் வைத்திருக்கிறான். வருஷக் கணக்கில் லிஸ்ட் போட்டால் அண்ணன்தான் சீனியர். ஒருமுறை அப்படிப் போட்டு, சி ஷிஃப்டில் சான்றிதழ் உள்ள ஆளே இல்லாமல் போய், ராத்திரி 9 மணிக்குத் தம்பியை வீட்டிலிருந்து கூட்டிவந்தோம். இப்போது வருஷம் எழுதும் கட்டத்தையே எடுத்துவிட்டேன். எந்த வேலையைத் தனியாகச் செய்வான், எதைப் பக்கத்தில் ஆள் நின்றால் செய்வான், எது தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, சேஃப்டி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. 1987 நவம்பர் 15, அமெரிக்காவில் டென்வரில் பனி பெய்யும்போது புறப்பட்ட ஒரு காண்டினென்டல் விமானம், 1713 என்ற எண். 82 பேரில் 28 பேர் இறந்தார்கள். கேப்டன் பல வருஷம் விமானம் ஓட்டியவர்தான். ஆனால் அந்த டிசி-9 ரகத்தில் கேப்டனாக உட்கார்ந்தது 33 மணி நேரம்தான். பக்கத்தில் இருந்தவருக்கு அந்த ரகத்தில் 36 மணி நேரம். இறக்கையில் பனி உட்பட வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் அதற்குப் பிறகு இரண்டு பேருமே அந்த ரகத்துக்குப் புதுசாக இருக்கும்படி ஜோடி போடக்கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். இரண்டு பேரில் ஒருவருக்காவது அந்த ரகத்தில் 75 மணி நேரம் இருக்கணும். விதி கூட்டுத்தொகையைக் கேட்கவில்லை பாருங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 75 என்றால் 40+35 ஓடிவிடும்.

கட்டமும் கணக்கும் | ஜூன் 24, காலை 7:05

சரி, கூட்டலை விட்டுவிடுகிறேன். ஆனால் ஷீட்டை விடமாட்டேன். B வரிசையில் 3, 2, 1க்குப் பதிலாக ஷிஃப்டை நடத்தத் தெரிந்தவருக்கு மட்டும் 3 போடுங்கள். C வரிசை திங்கள், நைட்டுக்கு N. 12 பேர் என்றால் அடியில் இது போதும்:

```
=COUNTIFS($B$2:$B$13,3,C$2:C$13,"N")
```

பூஜ்யம் வந்தால் கட்டம் சிவப்பு. மதியத்துக்கு E என்று மாற்றிக்கொள்ளுங்கள். வேலை வாரியாகப் பார்க்கணும் என்றால் ரத்தம் ஏற்றுவதற்கு ஒரு வரிசை, இன்ஃப்யூஷன் பம்புக்கு ஒரு வரிசை என்று B மாதிரி இன்னும் சில வரிசை சேர்த்தால் போதும்.

வில்லியனூர் சிஸ்டர் | ஜூன் 24, இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. குமரன் அண்ணா சொன்ன மாதிரி கட்டம் போட்டேன். ஐந்தே ஐந்து வேலை: ரத்தம் ஏற்றுவது, கிராஷ் கார்ட், பம்பில் போகும் மருந்துகள், நெஞ்சில் டியூப் இருப்பவரைப் பார்ப்பது, ராத்திரி அட்மிஷன் பேப்பர் வேலை. எழுதி முடித்ததும் எனக்கே ஆச்சரியம். சீனியர் மூன்று பேரில் ஒருத்தர் ஓபியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். டியூப் பக்கமே போகமாட்டார், யாரையாவது கூப்பிட்டுவிடுவார். இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை. நடுவில் இருக்கும் ஒரு பையனுக்கு ஐந்தும் வருகிறது.

ஆனால் அந்த ஞாயிறு இதில் தீரவில்லை மேடம். சீனியர் ஒருத்தர், புதுசு ஒருத்தி என்று நைட் போட்டேன் என்று வையுங்கள். லிஸ்ட் பச்சையாக இருக்கும். சீனியர் நோயாளியோடு லிஃப்டில் இறங்கினால் வார்டில் மிச்சம் யார்?

ஓய்வுபெற்ற மேட்ரன் | ஜூன் 25, காலை 10:10

இதைக் கேட்டீர்களே, இதுதான் கேள்வி. இரண்டு பேர் இருக்கும் ஷிஃப்ட் என்பது நடுராத்திரியில் அரைமணி நேரம் ஒருத்தர் இருக்கும் ஷிஃப்ட். ஸ்கேனுக்குக் கொண்டுபோகணும், ஐசியூவுக்கு மாற்றணும், ரத்த வங்கிக்கு ஓடணும். அதனால் நைட்டுக்கு மட்டும் என் விதி வேறு: இரண்டாவது ஆளும் அரைமணி நேரம் வார்டைத் தாங்குகிறவராக இருக்கணும். எல்லாம் தெரிய வேண்டியதில்லை. எதை நிறுத்தணும், யாரைக் கூப்பிடணும், எந்த வரிசையில் என்று தெரிந்தால் போதும்.

அந்தப் பிள்ளைக்கு நடந்தது அறிவுக் குறைவு இல்லை. ரத்தம் ஏறும்போது நடுக்கம் வந்தால் முதலில் சொட்டை நிறுத்தணும், புது செட்டில் சலைன் போட்டு லைனைக் காப்பாற்றணும், பிறகு டாக்டர், பிறகு பையையும் பெயரையும் மறுபடி பார்த்து ரத்த வங்கிக்குச் சொல்லணும். இது அவளுக்குப் பரீட்சையில் கேட்டால் எழுதுவாள். கை போகவில்லை. முதல் 15 நிமிஷம் பக்கத்திலேயே நின்று பார்க்கணும் என்பதும் தெரிந்திருக்கும். பக்கத்தில் நின்றவர் யார், லிஃப்டில் போனவர் யார்?

எங்கள் காலத்தில் புதுசாக வருகிறவளை முதல் இரண்டு வாரம் எண்ணிக்கையிலேயே சேர்க்கமாட்டோம், உபரி ஆள். ஒரே சீனியரோடு காலையில். அதற்குப் பிறகு ஒரு மாதம் எண்ணிக்கையில் உண்டு, ஆனால் காலை மட்டும். பிறகு மதியம். நைட்டுக்கு முன் இன்சார்ஜ் தானே பக்கத்தில் நின்று மூன்று விஷயங்களைச் செய்யச் சொல்லிப் பார்த்துக் கையெழுத்துப் போடணும்: ரத்தம் ஒத்துக்கொள்ளாதது, மூச்சு நின்றுபோனது, சர்க்கரை இறங்கி மயங்கியது.

புதுசா வந்தவள் | ஜூன் 25, இரவு 11:55

நான் வேறு ஆஸ்பத்திரி, வேலைக்கு வந்து ஐந்து மாதம். எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் லிஸ்டில் எனக்கு எப்போதும் சீனியரோடுதான் ட்யூட்டி. பார்த்தால் அருமையான லிஸ்ட். உள்ளே போனால் 30 படுக்கையை 1 முதல் 15, 16 முதல் 30 என்று பிரித்துவிடுவார்கள். அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான். ராத்திரி முழுக்க ஒரே வார்டில் இருந்தும் நான்கு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். என் பக்கம் லைன் போகவில்லை என்றால் அக்கா வந்து பத்து விநாடியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். நன்றி அக்கா என்பேன். எனக்கு இன்னும் லைன் சரியாக வராது.

ஓய்வுபெற்ற மேட்ரன் | ஜூன் 26, காலை 8:20

கண்ணு, நீ சொன்னது 30 வருஷம் லிஸ்ட் எழுதிய எனக்கே சுருக்கென்று இருக்கிறது. நாங்களும் அப்படித்தான் படுக்கையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தோம்.

சிஸ்டர், இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கலப்பது லிஸ்டில் முடிவதில்லை, படுக்கை பிரிப்பதில் முடிகிறது. மோசமான ஐந்தாறு நோயாளிகளை இரண்டு பேருக்கும் பொதுவாக வையுங்கள், மருந்து ரவுண்ட் அங்கே மட்டும் சேர்ந்து போகட்டும். மீதியைப் பிரித்துக்கொள்ளட்டும்.

ஒயிட் டவுன் அடுப்படி | ஜூன் 26, மாலை 4:00

நான் நர்ஸ் இல்லை, ரெஸ்டாரண்ட் கிச்சன். ஆனால் தலைப்பைப் பார்த்து உள்ளே வந்துவிட்டேன். எல்லா ஷிஃப்டிலும் சமமாகக் கலக்கணும் என்பதையே நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சனி, ஞாயிறு எங்களுக்குச் சென்னை, பெங்களூர் கூட்டம். அன்றைக்குப் புதுப் பையனைக் கிரில் பக்கம் கலந்து நிறுத்தினால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றும் இல்லை, தள்ளு தள்ளு என்று வெங்காயம் உரிக்க அனுப்பிவிடுவோம். செவ்வாய், புதன் மதியம் ஆள் இருக்காது. அப்போது மாஸ்டரையும் பையனையும் மட்டும் போட்டால் ஒரு வாரத்தில் சாஸ் வந்துவிடும். வார இறுதிக்குப் பழைய ஆட்கள், நடு வாரத்துக்குக் கலப்பு. எல்லா நாளும் ஒரே கலவை என்பது எங்கள் தொழிலுக்கு ஒத்துவராது.

ஓல்டு டவுன் குமரன் | ஜூன் 26, இரவு 8:45

மாஸ்டர், உங்களுக்குக் கூட்டம் வரும் நாள் தெரியும். வார்டில் எந்த ராத்திரி மோசமான ராத்திரி என்று யாருக்குத் தெரியும்? எங்கள் பிளான்டிலும் அப்படித்தான். நிறுத்திவைத்த யூனிட்டைத் திரும்ப ஓடவிடும் நாள் தெரியும், அன்றைக்குப் பழைய ஆட்கள் கூடுதல். மற்ற நாள் எது வரும் என்று தெரியாது, அதனால் சமமாகத்தான் பரப்பணும்.

எங்களிடம் ஏ, பி, சி, டி என்று நான்கு குழு, அதே ஆட்கள் மாதக் கணக்கில் சேர்ந்தே சுற்றுவார்கள். ஒருமுறை நன்றாகக் கலந்துவிட்டால் வாராவாரம் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். சிஸ்டரும் அப்படிச் செய்யலாமே?

ஓய்வுபெற்ற மேட்ரன் | ஜூன் 27, காலை 9:00

12 பேரில் நிலையான குழு நிற்காது தம்பி. ஒருத்தருக்குப் பிரசவ விடுப்பு வந்தால் ஒரு குழுவே உடையும். அதோடு ஒரு புதுசு ஒரே சீனியரிடம் ஒரு வருஷம் இருந்தால் அந்தச் சீனியரின் தப்பான பழக்கமும் சேர்ந்து வரும். முதல் இரண்டு வாரம் ஒரே ஆள், அதற்குப் பிறகு மாறி மாறி. ஆனால் நிலையான குழுவில் ஆளுக்கு ஆள் கண் ஜாடை புரியும் என்பது உண்மைதான், அதை மறுக்கமாட்டேன்.

கிச்சன் மாஸ்டர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. வார்டில் மதியம் 2 முதல் 4 வரை பார்வையாளர் வரும் முன் கொஞ்சம் ஓய்ந்த நேரம். லைன் போடக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

வில்லியனூர் சிஸ்டர் | ஆகஸ்ட் 4, இரவு 10:30

ஐந்து வாரம் ஒரு சுற்று முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்தும் தெரிந்த அந்தப் பையனையும் இன்னொரு சிஸ்டரையும் ஷிஃப்டை நடத்துகிறவர்களாகக் கையெழுத்துப் போட்டேன். ஓபியிலிருந்து வந்த சீனியர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவரே வந்து, டியூப் கேஸ் வரும்போது என்னையும் கூப்பிடு என்றார். இப்போது பார்க்கிறார்.

முதல் வாரம் லிஸ்ட் அற்புதம். சிவப்பே இல்லை. புதன்கிழமை பார்த்தால் பாதி ஷிஃப்டில் வேறு ஆட்கள்! ஆளுக்கு ஆள் பேசி மாற்றிக்கொண்டார்கள். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருக்கும் மூன்று புதுப் பிள்ளைகள் சேர்ந்து வர ஆசைப்பட்டு ஒரே மதியத்துக்கு மாறிவிட்டார்கள். நான் எழுதிய லிஸ்ட் சுவரில் இருந்தது, வார்டில் வேறு லிஸ்ட் ஓடியது. இப்போது மாற்றிக்கொள்வதென்றால் ஷிஃப்டை நடத்துகிறவர் ஷிஃப்டை நடத்துகிறவரோடு, புதுசு புதுசோடு மட்டும். அதுவும் மாற்றிய பிறகு ஒரே ஷிஃப்டில் புதுசு இரண்டுக்கு மேல் வந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். முணுமுணுப்பு இருக்கிறது.

நைட் இரண்டாவது ஆளுக்கு மேடம் சொன்ன மூன்று விஷயங்களை வைத்தேன். ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் தேறிவிட்டார்கள். அந்த ஞாயிறு அழுத பெண்தான் முதலில் தேறினாள். கிளாம்பைக் கண்ணை மூடிக்கொண்டு மூடுகிறாள். மீதி இரண்டு பேரை நைட்டில் மூன்றாவது ஆளாகப் போட்டுப் பழக்க ஆசை. ஆனால் வாரத்துக்கு 63 இடம் போக என்னிடம் உபரி 9 ஷிஃப்ட்தான். அதில் நைட் ஆஃபும் லீவும் போக மிச்சமே இல்லை. நிர்வாகத்திடம் ஒரு ஆள் கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள்.

ஓல்டு டவுன் குமரன் | ஆகஸ்ட் 4, இரவு 11:05

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும்தானே சிஸ்டர். அந்த இரண்டு பேரும் காலையும் மதியமுமாகவே இருந்தால் மற்ற பத்துப் பேர் நைட்டைச் சுமக்கிறார்கள். அதில் சண்டை வரவில்லையா?

வில்லியனூர் சிஸ்டர் | ஆகஸ்ட் 4, இரவு 11:20

வந்துவிட்டது. "தெரியாமல் இருப்பதுதான் லாபம்" என்று ஒரு சிஸ்டர் என் காதுபடவே சொன்னார். பதில் சொல்ல முடியவில்லை.

கட்டமும் கணக்கும் | ஆகஸ்ட் 5, காலை 7:30

மாதத்துக்கு ஆளுக்கு எத்தனை நைட் என்று ஒரு வரிசை போட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடுங்கள். யாருக்குக் கூட, யாருக்குக் குறைவு என்று தெரிந்தால் அந்த இரண்டு பேரே தேற அவசரப்படுவார்கள்.

புதுசா வந்தவள் | ஆகஸ்ட் 5, மதியம் 1:15

தயவுசெய்து அப்படி ஒட்டாதீர்கள். பயத்தில் தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிடுவோம்.

ஓய்வுபெற்ற மேட்ரன் | ஆகஸ்ட் 5, மாலை 5:40

இந்தப் பிள்ளை சொல்வதே சரி. சிஸ்டர், அதைவிட அவசரம் ஒன்று. ஆடி ஐந்தாம் வெள்ளி வருகிறதே, வீராம்பட்டினம் தேர். உங்கள் லிஸ்டில் அந்தப் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர்?

வில்லியனூர் சிஸ்டர் | ஆகஸ்ட் 5, இரவு 9:50

நான்கு பேர் மேடம். அதில் இரண்டு பேர் ஷிஃப்டை நடத்துகிறவர்கள், நான்கு லீவ் சீட்டும் மேஜையில் இருக்கிறது. அந்த வெள்ளி நைட்டிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறேன்.